போன தடவை போட்ட அதே கலர்

முடிக்குக் கலர் போடும் சலூன்களில் அடிக்கடி கேட்கும் வார்த்தை, "போன தடவை மாதிரியே போட்டுடுங்க" என்பது. சொல்பவருக்கு அது சுலபமான வேலையாகத்தான் தெரியும். புதிதாக யோசிக்க ஒன்றுமில்லை, செய்ததையே திரும்பச் செய்தால் போதும். ஆனால் போன தடவை போட்டவர் இன்றைக்கு லீவில் இருப்பார், அல்லது வேறு கிளைக்குப் போயிருப்பார். பில்லைத் தேடி எடுத்தால் அதில் 'குளோபல் கலர்' என்றும் அதற்கு வாங்கிய தொகையும்தான் இருக்கும். கடைசியில் ஸ்டைலிஸ்ட் வாடிக்கையாளரிடமே கேட்பார்: "என்ன ஷேடு போட்டாங்க மேடம், ஞாபகம் இருக்கா?" வாடிக்கையாளர் சொல்வார்: "பிரவுன்தாம்மா. ரொம்பச் சிவப்பா இருக்காது."

பிரவுன் என்று சொல்லக்கூடிய டியூப் ஒரு அலமாரியில் மட்டும் பதினைந்து இருபது இருக்கும்.

இந்தத் தடுமாற்றத்தைத் தவிர்க்கத்தான் நல்ல சலூன்களில் ஆளுக்கு ஒரு ஃபார்முலா கார்டு வைத்திருக்கிறார்கள். உள்ளங்கை அளவு அட்டையாகவும் இருக்கலாம், நோட்டில் ஒரு பக்கமாகவும் இருக்கலாம், பில் போடும் மென்பொருளில் ஒரு கட்டமாகவும் இருக்கலாம். எதில் எழுதுகிறார்கள் என்பது பெரிய விஷயமில்லை, என்ன எழுதுகிறார்கள் என்பதுதான் விஷயம். கார்டு வைத்திருக்கும் பல இடங்களிலும் அதில் டியூப் நம்பரும் தேதியும் மட்டுமே இருக்கின்றன. அந்த நம்பரை அப்படியே திரும்பக் கலந்து போட்டால் அதே நிறம் வரும் என்று நம்பித்தான் அப்படி எழுதுகிறார்கள். அந்த நம்பிக்கையில்தான் கோளாறு இருக்கிறது. டியூபில் இருப்பது பாதி நிறம்தான். மறு பாதி அன்றைக்கு நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் தலையில் இருக்கிறது, அந்தத் தலை ஆறு வாரத்தில் மாறிவிடுகிறது.

முதலில் நம்பரைப் பார்ப்போம். சலூன் கலர் டியூபில் 5.1, 6.3 என்பது போல எண்கள் இருக்கும். புள்ளிக்கு முன்னால் வருவது முடி எவ்வளவு கருமை, எவ்வளவு வெளிர் என்பதைச் சொல்லும். 1 என்றால் கறுப்பு, 10 என்றால் மிக வெளிர் பொன்னிறம். நம்மில் பெரும்பாலானோரின் இயற்கை முடி 1 முதல் 3-க்குள் அடங்கிவிடும். நாம் 'கறுப்பு முடி' என்று சொல்வதில் பல தலைகள், வெயிலில் நிறுத்திப் பார்த்தால், அடர்ந்த பழுப்பான 3-தான். புள்ளிக்குப் பின்னால் வருவது சாயல்: அதில் பொன் கலந்திருக்கிறதா, செம்பு கலந்திருக்கிறதா, சிவப்பை அடக்கும் சாம்பல் கலந்திருக்கிறதா என்பது. 5.0 என்றால் சாயல் எதுவும் தூக்கலாக இல்லாத இயற்கையான பழுப்பு.

முதல் எண்ணில் கம்பெனிகளுக்குள் பெரிய வித்தியாசம் கிடையாது. இரண்டாவது எண்ணில் உண்டு. சாயல் எண் 7 என்பதை எடுத்துக்கொள்ளுங்கள். லோரியாலின் மாஜிரெல் வரிசையில் அது பச்சை சார்ந்த சாயல், சிவப்பை அடக்கப் பயன்படுவது. வெல்லாவின் கோல்ஸ்டன் வரிசையில் 7 என்றால் பழுப்பு. ஷ்வார்ஸ்காஃபின் இகோரா வரிசையில் 7 என்றால் செம்பு. கார்டில் வெறுமனே '6.7' என்று எழுதியிருந்தால், படிக்கிறவர் கையில் எந்தக் கம்பெனி டியூப் இருக்கிறதோ அதைப் பொறுத்துச் சிவப்பு அடங்கவும் செய்யலாம், பளிச்சென்று எரியவும் செய்யலாம். ஆகவே கார்டின் முதல் வரி கம்பெனி பெயர், வரிசையின் பெயர், அதன் பிறகுதான் எண். ஒரே கம்பெனியிலேயே அமோனியா உள்ள வரிசை, அமோனியா இல்லாத வரிசை, நிறத்தைப் பூசிவிட்டு மட்டும் போகும் மென்மையான வரிசை என்று பல உண்டு. ஒரே எண் அவற்றில் ஒரே மாதிரி வேலை செய்யாது.

அடுத்தது டெவலப்பர். டியூபில் வரும் கிரீம் தனியாக ஒன்றும் செய்யாது. ஹைட்ரஜன் பெராக்சைடு கலந்த டெவலப்பரோடு சேர்ந்தால்தான் நிறம் உருவாகும். அதன் வலுவை வால்யூம் என்று சொல்வார்கள். 10 வால்யூமில் 3 சதவீதம் பெராக்சைடு, 20-ல் 6, 30-ல் 9, 40-ல் 12. வலு கூடக் கூட முடியின் சொந்தக் கருமையை அதிகமாகக் கரைக்கும். நரையை மூடுவதற்குப் பெரும்பாலும் 20 வால்யூம்தான். அது இயற்கை முடியை ஒன்றிரண்டு படி வெளிறச் செய்யும், கூடவே புது நிறத்தை நரையில் ஏற்றும். 20 போட்ட தலையில் அடுத்த முறை 30 போட்டால், டியூப் அதேயாக இருந்தாலும் முடி இன்னொரு படி வெளிறிச் சிவப்பு கூடுதலாக எட்டிப் பார்க்கும்.

பிறகு அளவு. "அரை டியூப் இது, கால் டியூப் அது" என்று கார்டில் எழுதும் பழக்கம் நிறைய இடங்களில் இருக்கிறது. எனக்கு இந்தப் பழக்கத்தின் மேல் கொஞ்சமும் இரக்கம் இல்லை. சில டியூப் 50 கிராம், சில 60. பிதுக்கும் கைக்கு அரை என்பது இருபதாகவும் இருக்கும், முப்பத்தைந்தாகவும் இருக்கும். டெவலப்பரைக் கண்ணளவில் ஊற்றுவது அதைவிட மோசம். கூடிப்போனால் கலவை நீர்த்துப் போய் நரைமேல் கண்ணாடி போல மெல்லிய நிறமாக நிற்கும், பத்து நாளில் வெள்ளை தெரியும். குறைந்துபோனால் கட்டியாகி, சீக்கிரம் காய்ந்து, முடியைச் சரியாக வெளிறச் செய்யாது. எந்த விகிதம் என்பதைக் கம்பெனி சொல்லியிருக்கும். கோல்ஸ்டனுக்கும் இகோராவுக்கும் பொதுவாக ஒன்றுக்கு ஒன்று, மாஜிரெலுக்கு ஒன்றுக்கு ஒன்றரை. பவுலை ஒரு சின்ன டிஜிட்டல் தராசின் மேல் வைத்து, கிரீம், டெவலப்பர் இரண்டையும் கிராமிலேயே நிறுத்து, நிறுக்கும்போதே கார்டில் எழுதிவிட வேண்டும். வேலை முடிந்து எழுதலாம் என்றால் அடுத்த வாடிக்கையாளர் உட்கார்ந்துவிடுவார், எண் மறந்துவிடும்.

இதுவரை சொன்னது பவுலுக்குள் இருப்பது. கவனமான சலூன்கள் இவ்வளவையும் எழுதிவிடுகின்றன. அப்படியும் மூன்றாவது தடவையில் நிறம் மாறிவிடுவது ஏன் என்பதை ஒரு தலையை வைத்தே பார்க்கலாம்.

சென்னையில் நாற்பத்தாறு வயது டீச்சர் ஒருவர் என்று வைத்துக்கொள்வோம். தோளுக்குக் கீழே கொஞ்சம் இறங்கும் முடி. இதுவரை கலரும் போட்டதில்லை, மருதாணியும் வைத்ததில்லை. இயற்கை நிறம் 3. நரை எல்லா இடத்திலும் ஒரே மாதிரி இல்லை. நெற்றியோரத்திலும் காதுப் பக்கத்திலும் அறுபது சதவீதம், உச்சியில் முப்பது, பிடரியில் பத்துகூட இல்லை. சிவப்படிக்காத நடுத்தரப் பழுப்பு வேண்டும் என்கிறார். கறுப்பு முடியை வெளிறச் செய்தால் அடியில் ஒளிந்திருக்கும் செம்மை வெளியே வரும், அது இயற்கை. அதை அடக்க 5.1-ன் சாம்பல் சாயல் வேண்டும். ஆனால் நரைமுடியில் செம்மை கிடையாது. அதன்மேல் சாம்பல் சாயலை மட்டும் பூசினால் களையிழந்து மங்கலாக நிற்கும், மூடுவதும் சரியாக மூடாது. ஆகவே பெரும்பகுதி 5.0, ஒரு பங்கு 5.1. மாஜிரெல் 5.0 நாற்பது கிராம், 5.1 இருபது கிராம், 20 வால்யூம் தொண்ணூறு கிராம்.

முதல் தடவை என்பதால் தலை முழுக்கப் போட வேண்டும். உச்சந்தலையின் சூட்டில் வேர்ப்பகுதி வேகமாக வேலை செய்யும். அதனால் நடுமுடிக்கும் நுனிக்கும் முதலில் பூசி, கொஞ்ச நேரம் விட்டு, வேருக்குக் கடைசியில் பூசுகிறார் ஸ்டைலிஸ்ட். வேரில் பூசி முடித்த நேரத்திலிருந்து முப்பத்தைந்து நிமிடம் வைத்துக் கழுவி, முழுக்கக் காயவைத்து, ஜன்னல் பக்கம் திருப்பி உட்கார வைத்துப் பார்க்கிறார். நிறம் நன்றாக வந்திருக்கிறது. இடது காதோர நரை மட்டும் முழுக்க மூடவில்லை.

இந்த இடத்தில் இரண்டு விதமான கார்டு எழுதலாம். ஒன்று இப்படி இருக்கும்:

"5.0 + 5.1, 20 வால்யூம், 35 நிமிடம்."

இன்னொன்று இப்படி:

"இயற்கை 3. நரை: முன் 60, உச்சி 30, பிடரி 10. புது முடி, மருதாணி இல்லை. வாரம் இருமுறை எண்ணெய். போர் தண்ணீர்.
மாஜிரெல் 5.0 – 40 கி, 5.1 – 20 கி, 20 வால்யூம் – 90 கி. முழுத் தலை, நடுவும் நுனியும் முதலில், வேர் கடைசியில். வேர் பூசி முடித்ததிலிருந்து 35 நிமிடம்.
வந்த நிறம்: 5, காய்ந்தபின், பகல் வெளிச்சத்தில். வெயிலில் மட்டும் லேசான சிவப்பு. இடது காதோரம் நரை தெரிகிறது.
அடுத்த முறை: காதோரத்தில் ஆரம்பிக்கவும், கனமாகப் பூசவும். வேர் மட்டும்."

ஆறு வாரம் கழித்து டீச்சர் வருகிறார். வேர் ஒன்றரை சென்டிமீட்டர் அளவுக்கு வளர்ந்திருக்கிறது, வகிட்டில் வெள்ளைக் கோடு. முதல் ஸ்டைலிஸ்ட் இல்லை. புதியவர் முதல் வகைக் கார்டைப் பார்த்து, அதில் உள்ளபடியே நூற்றைம்பது கிராம் கலந்து, வேரிலிருந்து நுனிவரை பூசி, முப்பத்தைந்து நிமிடம் வைக்கிறார். கார்டில் எழுதியிருந்ததை அவர் மீறவே இல்லை. ஆனால் நிறம் அதே இல்லை. வேர் 5 ஆக இருக்கிறது, நடுமுடி 4 போல, நுனி அதையும்விடக் கருத்திருக்கிறது.

காரணம், ஒருமுறை கலர் ஏறிய முடியின் மேல் அதே கலரைத் திரும்பப் போட்டால் அது முடியை வெளிறச் செய்வதில்லை, இருக்கும் நிறத்தின் மேல் இன்னும் நிறத்தை ஏற்றுகிறது. புது வேரில் பெராக்சைடு கரைக்க வேண்டிய இயற்கைக் கருமை இருக்கிறது. நுனியில் அது போன தடவையே ஓரளவு கரைந்துபோய், அந்த இடத்தில் சாயம் உட்கார்ந்துவிட்டது. போதாததற்கு நுனிமுடி பழைய முடி. வருடக்கணக்கில் வெயிலும் சீப்பும் ஷாம்புவும் பட்டு அதன் மேலுறை திறந்து கிடக்கும், பழைய பருத்தித் துண்டு தண்ணீரை உறிஞ்சுவதுபோல நிறத்தை உறிஞ்சிக்கொள்ளும். இதையே மூன்று நான்கு தடவை செய்தால் தலையில் இரண்டு நிறம் நின்றுவிடும், மேலே பழுப்பு, கீழே கிட்டத்தட்ட கறுப்பு. வாடிக்கையாளர் "கலர் ஒத்துக்கலை" என்பார். கறுத்த நுனியை மறுபடி பழுப்பாக்க இன்னொரு டியூப் உதவாது. ஏறிய சாயத்தை எடுக்க அதற்கென்று உள்ள ரிமூவரோ பிளீச்சோ வேண்டும், அதற்குச் செலவும் அதிகம், முடியும் பலவீனப்படும்.

இரண்டாவது வகைக் கார்டைப் படித்தவர் இப்படிச் செய்திருக்க மாட்டார். 'வேர் மட்டும்' என்ற இரண்டு சொற்கள் அவரைத் தடுத்திருக்கும். அவருக்குத் தேவை 5.0 இருபது கிராம், 5.1 பத்து, டெவலப்பர் நாற்பத்தைந்து, அவ்வளவுதான். முன் நெற்றியில் தொடங்காமல் இடது காதோரத்தில் தொடங்கி, அங்கே கனமாகப் பூசி, பிறகு உச்சி, கடைசியாகப் பிடரி என்று போவார். முதலில் பூசிய இடத்துக்குத்தான் முழு நேரமும் கிடைக்கும், பிடிவாதமான நரைக்கு அந்தப் பத்து நிமிடம் பெரிய விஷயம். பழைய கலர் தொடங்கும் கோட்டில் பிரஷ் நிற்க வேண்டும். அரை சென்டிமீட்டர் கீழே இறங்கினால்கூட, ஒவ்வொரு தடவையும் அதே இடம் இரட்டைப் பூச்சு வாங்கி, முடியில் குறுக்கே கருத்த பட்டைபோல ஒரு கோடு விழுந்துவிடும்.

கார்டில் வேருக்கு ஒரு பகுதி, நடுவுக்கும் நுனிக்கும் ஒரு பகுதி என்று தனித்தனியாக இடம் ஒதுக்க வேண்டும் என்று நான் இவ்வளவு அழுத்திச் சொல்வது இதற்காகத்தான். முதல் தடவை போட்ட ஃபார்முலா அந்தத் தலைக்கு ஒரே ஒருமுறை செல்லும் ஃபார்முலா. இரண்டாவது தடவையிலிருந்து எழுத வேண்டியது வேறு கணக்கு.

மூன்றாவது தடவை கோடை விடுமுறையில் வருகிறார். இரண்டு மாதத்துக்கு மேல் ஆகிவிட்டது, ஊருக்குப் போய் நன்றாக வெயிலில் அலைந்திருக்கிறார். இப்போது நடுமுடியும் நுனியும் வெளுத்து, செம்பு நிறத்தில் 6 போலத் தெரிகின்றன. இந்தத் தடவை வேரை மட்டும் தொட்டால் மேலும் கீழும் ஒட்டாது. வேருக்கு அதே முப்பது கிராம் கணக்கு. கீழே, நிறத்தைப் பூச மட்டும் செய்யும் மென்மையான வரிசையில் ஒரு கலவை. அவருக்கு வேண்டியது 5 என்றாலும் 5-ஐ எடுப்பதில்லை. நுனி உறிஞ்சும் என்பதால் ஒரு படி வெளிறிய 6.1-ஐ எடுத்து, அந்த வரிசைக்கே உரிய வலு குறைந்த டெவலப்பரில் கலந்து, கழுவுவதற்குக் கடைசிப் பத்து நிமிடம் இருக்கும்போது பூசி, இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை ஒரு கற்றையைத் துடைத்துப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். பார்க்கிற பார்வைக்கு வேரும் நுனியும் ஒன்றாகிவிட்டால் நேரம் முடியாவிட்டாலும் கழுவிவிடலாம். எத்தனையாவது நிமிடத்தில் கழுவினோம் என்பது கார்டுக்குப் போக வேண்டும். அடுத்த கோடையில் அந்த எண்தான் உதவும்.

மூன்று தடவையும் டீச்சர் வீட்டுக்குக் கொண்டுபோனது ஒரே பழுப்பு. பவுலில் கலந்தது மூன்று தடவையும் மூன்று விதம். அதே நிறம் வேண்டுமென்றால் ஃபார்முலா மாறித்தான் ஆக வேண்டும். எப்படி மாற்றுவது என்பதற்கான ஆதாரம் கார்டில் இருக்க வேண்டும்.

அந்த ஆதாரத்தில் பலரும் எழுதாமல் விடுவது 'வந்த நிறம்' என்ற வரி. கலக்கியதை எழுதுவார்கள், கிடைத்ததை எழுத மாட்டார்கள். வாடிக்கையாளர் சிரித்துக்கொண்டே போய்விட்டால் நன்றாக வந்தது என்று பொருள் என்று நினைத்துக்கொள்கிறார்கள். எழுதுவதிலும் ஒரு முறை இருக்கிறது. ஈரமுடி எப்போதும் ஒரு படி கருப்பாகத் தெரியும், ஆகவே முழுக்கக் காய்ந்த பிறகுதான் பார்க்க வேண்டும். சலூனின் மஞ்சள் விளக்கில் எல்லாப் பழுப்பும் செம்பு கலந்தது போலத் தெரியும், வெள்ளை டியூப்லைட்டில் அதே முடி மங்கலாகத் தெரியும். ஆகவே ஜன்னல் வெளிச்சம். போனில் படம் எடுப்பதானாலும் ஒவ்வொரு தடவையும் அதே ஜன்னல், அதே நாற்காலி. வகிட்டை நேராக ஒரு படம், நுனியைத் தோள்மேல் விரித்து ஒரு படம். முகம் தேவையில்லை. ஷேடு கார்டில் இருக்கும் மாதிரிக் கற்றையை முடியோடு ஒட்டிப் பிடித்து எடுத்தால் இன்னும் நல்லது. போன் கேமரா நிறத்தை எப்படி மாற்றினாலும் இரண்டையும் சேர்த்தேதான் மாற்றும்.

தலை மட்டும் மாறுவதில்லை, தலைக்குச் செய்வதும் மாறுகிறது. அதனால் ஒவ்வொரு தடவையும் பவுலை எடுப்பதற்கு முன் கார்டைக் கையில் வைத்துக்கொண்டு கேட்க வேண்டியது ஒன்று உண்டு: போனதற்கும் இப்போதைக்கும் நடுவில் தலையில் என்ன போட்டீர்கள்? "ஒண்ணும் போடலைம்மா" என்றுதான் முதலில் பதில் வரும். "மருதாணிகூட இல்லையா?" என்று கேட்டால், "அது போன மாசம் ஒரு கல்யாணத்துக்கு முன்னாடி அவசரத்துக்கு வெச்சேன்" என்று வரும். மருதாணி எதிலும் சேர்த்தியில்லை என்பது நம் பெண்களின் எண்ணம். அசல் மருதாணி முடியின் புரதத்தோடு ஒட்டிக்கொள்ளும், நரையில் ஆரஞ்சாகத் தெரியும், கழுவினால் போகாது. அதன்மேல் 5.0 போட்டால் வருவது சுத்தமான பழுப்பு அல்ல, செம்பழுப்பு. அதாவது ஃபார்முலாவில் சாம்பல் சாயலைக் கூட்ட வேண்டியிருக்கும். 'கறுப்பு மருதாணி' என்று பாக்கெட்டில் விற்கும் பொடிகள் இன்னும் சிக்கல். சிலவற்றில் அவுரி இருக்கும், சிலவற்றில் ரசாயனச் சாயமே கலந்திருக்கும், சிலவற்றில் உலோக உப்புகள் இருக்கலாம். உலோக உப்பு உள்ள முடியில் பெராக்சைடு பட்டால் முடி சூடாகி, நிறம் கண்டபடி மாறி, முறிந்தும் போகலாம். பாக்கெட்டைக் கொண்டுவரச் சொல்லிப் பார்த்து, பிடரிப் பக்கம் ஒரு சின்னக் கற்றையை வெட்டி அதில் மட்டும் கலவையைப் பூசிப் பார்த்துவிட்டு, பிறகுதான் தலையில் கைவைக்க வேண்டும். அந்தச் சோதனையின் முடிவும் கார்டில் ஒரு வரி.

நிறத்தோடு சம்பந்தமில்லாத ஒரு வரியும் கார்டில் உண்டு. மற்ற எல்லாவற்றையும்விட அதை நான் மேலே, சிவப்பு மையில் எழுதச் சொல்வேன். நிரந்தரக் கலர்களில், குறிப்பாகக் கருமையான ஷேடுகளில், பி.பி.டி. எனப்படும் பாரா ஃபெனிலீன் டயமைன் என்ற பொருளோ அதன் உறவினமான பொருள்களோ இருக்கும். சிலருக்கு அது கடுமையான ஒவ்வாமையைத் தரும். தலை அரிக்கும், நெற்றியும் கண்ணிமையும் வீங்கும், தோல் கொப்பளித்து நீர் வடியும். இதில் ஏமாற்றுவது, பத்துத் தடவை எதுவும் ஆகாதவருக்குப் பதினொன்றாவது தடவை வரலாம் என்பதுதான். திருவிழாக்களில் கையில் போட்டுக்கொள்ளும் கறுப்பு மருதாணி டிசைனிலும் இதே பொருள் சேர்க்கப்படுவது உண்டு. அதில் ஒருமுறை கை அரித்துச் சிவந்தவருக்குத் தலைக்கலர் ஆபத்தானது. கலர் போடுவதற்கு 48 மணி நேரம் முன்பாகக் காதுக்குப் பின்னாலோ முழங்கை மடிப்பிலோ தொட்டுவைத்துப் பார்க்கச் சொல்லிக் கம்பெனிகள் டப்பாவிலேயே அச்சடிக்கின்றன. அந்த பேட்ச் டெஸ்ட் எந்தத் தேதியில் செய்யப்பட்டது, எந்த வரிசையில் செய்யப்பட்டது, அரிப்போ சிவப்போ இருந்ததா என்பது கார்டின் தலைப்பிலேயே இருக்க வேண்டும். போன தடவை தலை லேசாக அரித்தது என்று வாடிக்கையாளர் போகிற போக்கில் சொன்னால் அதையும் எழுத வேண்டும். ஒவ்வாமை வந்தது என்று எழுதியிருக்கும் கார்டில் அதற்குக் கீழே உள்ள ஃபார்முலா எதற்கும் இனி வேலையில்லை. அவரைத் தோல் மருத்துவரிடம்தான் அனுப்ப வேண்டும்.

இந்த விவரமெல்லாம் ஒருவரின் உடம்பைப் பற்றியது என்பதால் கார்டுப் பெட்டியை வரவேற்பு மேஜையில் திறந்து வைப்பது சரியில்லை. பெயர், போன் எண், ஒவ்வாமை எல்லாம் ஒரே அட்டையில் இருக்கும்போது அதைப் பூட்டி வைக்கும் கடமை சலூனுக்கு உண்டு. இன்னொன்றும் இருக்கிறது. ஸ்டைலிஸ்ட் வேலையை விட்டுப் போகும்போது கார்டுகளின் படத்தைத் தன் போனில் எடுத்துக்கொண்டு போவதும், பழைய சலூன் அவரைத் திட்டுவதும் இந்தத் தொழிலில் வழக்கமான சண்டை. அந்தச் சண்டையில் யார் பக்கம் நியாயம் என்பதைவிட, தன் தலையைப் பற்றிய விவரம் தன்னிடமே இல்லாமல் அலைவது வாடிக்கையாளர்தான் என்பது எனக்கு உறுத்துகிறது. அதற்கு வழி எளிது. வேலை முடிந்ததும், "அந்தக் கார்டை ஒரு போட்டோ எடுத்துக்கறேன்" என்று கேளுங்கள். கம்பெனி, வரிசை, எண், கிராம், வால்யூம், நேரம், எங்கே பூசினார்கள், இவ்வளவும் அதில் இருந்தால் வெளியூரில் மகள் வீட்டுக்குப் போயிருக்கும்போதும் அங்குள்ள ஸ்டைலிஸ்ட் ஓரளவு பக்கத்தில் வந்துவிடுவார். சில சலூன்கள் தொழில் ரகசியம் என்று தயங்கும். டீச்சரின் தலைக்கு எழுதிய ஃபார்முலா இன்னொருவர் தலையில் வேறு நிறம்தான் தரும், ஆகவே அதில் ஒளித்துவைக்க ஒன்றுமில்லை.

வீட்டிலேயே கலர் போட்டுக்கொள்பவர்களுக்கும் இதே கணக்கு பொருந்தும். டப்பாவின் பெயரும் எண்ணும் உள்ள பக்கத்தை வெட்டி ஒரு நோட்டில் ஒட்டி, தேதியும், எத்தனை நிமிடம் வைத்தீர்கள் என்பதும், வேருக்கு மட்டுமா முழுக்கவா என்பதும் எழுதிவைத்தால் போதும். வீட்டில் கலர் போடுபவர்களின் முடிநுனி கறுத்துப்போவதற்குப் பெரும்பாலும் காரணம், பாக்கெட் மிச்சமாகக் கூடாது என்று ஒவ்வொரு மாதமும் நுனிவரை இழுத்துவிடுவதுதான்.

கார்டு எவ்வளவு நன்றாக எழுதப்பட்டிருந்தாலும் அதன் பயன் ஒரு கட்டத்தில் முடிந்துவிடும். கம்பெனி அந்த வரிசையை நிறுத்தலாம், அல்லது பழைய எண்ணையே புதிய கலவையில் கொண்டுவரலாம். அப்போது பழைய கிராம் கணக்கு வழிகாட்டி மட்டும்தான், ஒரு கற்றையில் போட்டுப் பார்க்காமல் தலையில் போடக்கூடாது. அதைவிட அடிக்கடி நடப்பது நரை கூடுவது. டீச்சருக்கு உச்சியில் முப்பது சதவீதமாக இருந்தது இரண்டு மூன்று வருடத்தில் ஐம்பதைத் தாண்டும். அப்போது அதே 5.0-வும் 5.1-ம் அவர் தலையில் முன்பு தந்த நிறத்தைத் தராது. வெளிறச் செய்து செம்மையை எடுக்க வேண்டிய கறுப்பு முடி குறைந்து, நேரடியாகச் சாயம் ஏறும் வெள்ளை முடி கூடிவிட்டதால், நிறம் தட்டையாகவும் சாம்பலடித்தும் தெரியும். 'வந்த நிறம்' வரிகளை வரிசையாகப் படித்துப் பார்த்தால் இது முன்கூட்டியே தெரிந்துவிடும். முதலில் 'வெயிலில் லேசான சிவப்பு', பிறகு 'சிவப்பு இல்லை', பிறகு 'முன்பக்கம் மங்கல்' என்று போகும். 'முன்பக்கம் மங்கல்' என்று எழுதும் நாளில் 5.1-ஐக் குறைத்து, அந்த இடத்தில் கொஞ்சம் 5.3-ன் பொன் சாயலைச் சேர்த்து, நரைச் சதவீதத்தைப் புதிதாக எண்ணி, புது அட்டை ஒன்றை எடுத்து முதல் வரியிலிருந்து எழுத வேண்டும். பழைய அட்டையை அதன் பின்னால் சேர்த்துக் குத்திவைக்கலாம்.